கல் இல்லாத எல்லை: திருத்தணி நகராட்சிக்கு மணவூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர்மன்றத் தலைவர், உறுப்பினர்களுக்கும், பொறியியல், நகரமைப்பு, வருவாய்ப் பிரிவுகளின் அலுவலர்களுக்கும்,

நான் மணவூர்க்காரன். வரைபடம் வரைவது தொழில். ஓய்வு நாள்களில் சில இளைஞர்களோடு சேர்ந்து, யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நம் பகுதியின் தெருக்களையும் குளங்களையும் பள்ளிகளையும் குறித்து வருகிறேன். உங்களிடம் இரண்டு பொருள் கேட்கவே இந்த மடல். ஒன்று, திருத்தணி நகராட்சியின் வார்டு எல்லைகள், கணினியில் பயன்படுத்தக்கூடிய கோப்பாக. இன்னொன்று, அந்தக் கோப்பை யார், எதற்கு, எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ஒரு பக்க உரிமக் குறிப்பு. முதலாவது கையில் இருந்தும் இரண்டாவது இல்லாமல் போனதால் எங்கள் வேலை பாழான அனுபவம் உண்டு. அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறேன்.

எல்லை என்றால் என்ன என்பது நம் பகுதி மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மணவூருக்கு அடுத்த ரயில் நிலையம் திருவாலங்காடு. பழையனூரை அவ்வூர்க் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்லும் ராசேந்திர சோழன் காலத்துச் செப்பேடு, கொடுத்த நிலத்தின் எல்லையைச் சுற்றுமுற்றும் விரிவாகச் சொல்லிக்கொண்டு போகிறது. எல்லையைப் பெண் யானையை நடத்திச் சுற்றி வருவதும், கல்லும் கள்ளியும் நட்டு அடையாளம் செய்வதும் அக்கால வழக்கம். ஊரார் கண்முன்னே நடந்தது, பிறகு செம்பில் எழுதப்பட்டது. அண்மைக் காலத்துக்கு வந்தால், ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம். அதன்பின் கிராமத்தை அலகாகக் கொண்டு, நடுவராக இருந்த படாஸ்கர் சொன்ன முடிவின்படி சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கிராமத்தின் பெயரைச் சொன்னாலே எல்லை சொன்னதாகிவிடும் என்று சட்டம் நம்ப முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் அளந்து நட்ட கல்லும், கல்லுக்குக் கல் தூரம் எழுதிய புலப்படமும் இருந்ததுதான்.

நகராட்சி வார்டுக்கு அப்படி ஒரு கல் கிடையாது. வார்டின் எல்லை நிலத்தில் இல்லை. வடக்கே இன்னது, கிழக்கே இன்னது என்று அரசிதழ் அறிவிக்கையில் எழுதப்பட்ட சில வரிகளில்தான் அது இருக்கிறது. அந்த வரிகளை ஒருவர் கோடாக வரையும்போதுதான் எல்லை கண்ணுக்குத் தெரிகிறது. பத்துப் பேர் வரைந்தால் பத்துக் கோடு வரும். ஆகவே உங்கள் அலுவலகம் ஒப்புக்கொள்ளும் ஒரே கோடு எது என்பதைக் கேட்கிறேன்.

வேறொரு ஊரில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் இங்கே தேவையில்லை. மழைக்காலத்துக்கு முன் அடைபட்ட வடிகால்களைப் பட்டியலிட்டு, வார்டு வாரியாகப் பிரித்து, அந்தந்த உறுப்பினரிடம் கொடுப்பது என்று முடிவு செய்தோம். வார்டு எல்லைக்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரு பிடிஎஃப் படம். யாரோ தாளில் அச்சிட்டு, வருடி எடுத்து ஏற்றியது. தெருப் பெயர்கள் பாதி படிக்க முடியவில்லை. அதைக் கணினியில் விரித்து, தெரிந்த நான்கு சந்திப்புகளை வைத்து நிலத்தோடு பொருத்தி, கோட்டின் மேல் கோடு இழுத்தோம். பட்டியல் தயாரானது, கொடுத்தோம்.

ஒரு தெருவில் வடிகால் முழுவதும் மண் மூடிக் கிடந்தது. எங்கள் படத்தில் அந்தத் தெரு ஒரு வார்டுக்குள் முழுதாக விழுந்திருந்தது. அந்த உறுப்பினர் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு, தெருவின் கிழக்கு வரிசை தன் வார்டு இல்லை, வடிகால் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்றார். அடுத்த வார்டு உறுப்பினரிடம் கேட்டால், தன் பட்டியலில் அப்படி ஒரு தெருவே இல்லையே என்றார். இருவர் சொன்னதும் உண்மை. அறிவிக்கையில் எல்லை அந்தத் தெருவின் நடுவே போகிறது. அச்சிட்ட படத்தில் கோடு தடிமனாக இருந்ததால் எங்களுக்கு அது தெருவின் கிழக்கு ஓரமாகத் தெரிந்தது. இந்தப் பேச்சு முடிவதற்குள் மழை வந்துவிட்டது. அந்தத் தெருவில் முழங்கால் தண்ணீரில் நின்ற ஒரு பாட்டி, "எந்த வார்டா இருந்தா என்ன தம்பி, தண்ணிக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு, எழுத்தில் உள்ள எல்லையைக் கோடாக்கும்போது எங்கெங்கே தவறுகிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். உங்கள் பிரிவுகளில் இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மன்ற உறுப்பினர்களும் மக்களும் அறிய ஓர் எடுத்துக்காட்டு வைக்கிறேன். இது எந்த உண்மையான வார்டின் எல்லையும் அன்று. வடக்கே ரயில் பாதை, கிழக்கே ஓடை, தெற்கே நெடுஞ்சாலை, மேற்கே பள்ளிக்கூடத் தெரு என்று ஒரு வார்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

ரயில் பாதை என்றால் எது? இரட்டைப் பாதையாக இருந்தால் எந்தப் பாதை? பாதையை ஒட்டிய ரயில்வே நிலம் உள்ளே வருமா, வெளியே போகுமா? அதில் குடியிருப்பு இருந்தால் அந்த வீடுகள் எந்த வார்டு? ஓடை என்று எழுதிய நாளில் அது திறந்த ஓடை. இன்று மேலே பலகைக்கல் மூடி, அதன்மேல் கடைகளும் வந்திருக்கலாம். புதிதாக வந்தவருக்கு ஓடை எங்கே போகிறது என்றே தெரியாது. நெடுஞ்சாலை தெற்குப் பக்கமாக அகலப்படுத்தப்பட்டால் அதன் நடு தெற்கே நகர்ந்துவிடும். எல்லையும் கூடவே நகருமா, பழைய நடுவிலேயே நிற்குமா? பள்ளிக்கூடத் தெரு வடக்கே ஒரு புதிய நகர் வரை நீண்டிருக்கலாம். நீண்ட பகுதி அறிவிக்கையில் இல்லை. இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் உங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவரிடம் பதில் இருக்கும். அந்தப் பதில் அவர் மாற்றலாகிப் போகும்போது கூடவே போய்விடும். கோப்பாக இருந்தால் இங்கேயே தங்கும்.

இதைவிடப் பெரிய குழப்பம் வார்டு என்ற சொல்லிலேயே இருக்கிறது. நகராட்சியில் அந்த ஒரே சொல் மூன்று பொருளில் புழங்குகிறது. உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் மன்ற வார்டு ஒன்று. சொத்துவரிக்காக வருவாய்ப் பிரிவு வைத்திருக்கும் வார்டு இன்னொன்று. நகர நில அளவைப் பதிவேட்டில் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று வருகிறதே, அந்த அளவை வார்டு மூன்றாவது. மன்ற வார்டுகள் மறுவரையறை செய்யப்படும்போது மற்ற இரண்டும் தாமாக மாறுவதில்லை. அதனால் ஒரே வீட்டுக்காரரின் வரி ரசீதில் ஓர் எண்ணும், நில ஆவணத்தில் வேறோர் எண்ணும், வாக்களிக்கும் வார்டுக்கு மூன்றாவதோர் எண்ணுமாக இருக்கலாம். மனு எழுதும்போது ரசீதைப் பார்த்து எண்ணைப் போட்டால், மனு தவறான மேசைக்குப் போகும். நான் கேட்பது மன்ற வார்டு எல்லை. மற்ற இரண்டும் தனித்தனி அடுக்காகக் கிடைத்தால் எந்த எண் எங்கே வேறுபடுகிறது என்று ஒரு நாளில் அட்டவணை போட்டுவிடலாம். கிடைக்காவிட்டாலும், தருவது எந்த வார்டு என்று கோப்பிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நாள் இல்லாத எல்லையும் அரைகுறைதான். 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்த வார்டுகள், 2017ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டத்தின் வழியே, 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பிரிக்கப்பட்டவை. ஆனால் 2011 கணக்கெடுப்பு வெளியிட்ட வார்டு வாரி எண்ணிக்கைகள் அதற்கு முந்தைய வார்டுகளுக்கு உரியவை. இப்போதைய ஐந்தாம் வார்டுக்கு 2011இன் ஐந்தாம் வார்டு மக்கள்தொகையைப் போட்டுக் கணக்குப் பார்ப்பது, ஒருவர் உயரத்தையும் இன்னொருவர் எடையையும் சேர்த்து மருந்து எழுதுவது போன்றது. 2027இல் அடுத்த கணக்கெடுப்பு வருகிறது. அதன்பின் எல்லைகள் மீண்டும் மாறலாம். புதியது வந்ததும் பழையதை அழித்துவிடாமல், இரண்டையும் நாள் போட்டு வைத்திருந்தால்தான் முந்தைய புள்ளிவிவரங்களுக்கு உயிர் இருக்கும்.

இனி கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது. உங்களிடம் இருப்பது ஆட்டோகேட் வரைபடமோ, ஷேப்ஃபைலோ, கூகுள் எர்த்தில் திறக்கும் கேஎம்எல் கோப்போ, எதுவாக இருந்தாலும் இருக்கிறபடியே கொடுங்கள். எங்களுக்காகப் புதிதாக எதுவும் வரைய வேண்டாம். ஷேப்ஃபைல் என்றால் ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் அது பல கோப்புகளின் கட்டு. `wards.shp` உடன் `wards.shx`, `wards.dbf`, `wards.prj` ஆகியவையும் வர வேண்டும். கடைசியாகச் சொன்ன `.prj` விடுபட்டால், உள்ளே உள்ள எண்கள் பாகையா மீட்டரா, எந்த ஆயமுறையில் அளந்தவை என்பது தெரியாது. ஊர் முழுவதும் இடம் மாறி, சில நேரம் கடலில் போய் விழும். தமிழ்ப் பெயர்கள் வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், யூனிகோடுக்கு மாற்றாமல் வேறு கணினியில் திறக்கும்போது படிக்க முடியாத குறிகளாகத் தெரியும். பெயர் போனாலும் பரவாயில்லை, வார்டு எண் மட்டும் சரியாக இருந்தால் மற்றதை நாங்கள் தட்டச்சு செய்து தருகிறோம்.

ஒவ்வொரு வார்டுக்கும் கோட்டோடு சேர்த்து இவ்வளவு விவரம் இருந்தால் போதும்:

```json
{
  "ward_type": "council",
  "ward_no": 7,
  "name_ta": "வார்டு 7",
  "notification_no": "",
  "valid_from": "",
  "valid_to": null,
  "base_map": ""
}
```

வெற்றாக விட்டிருக்கும் இடங்களை நிரப்ப உங்களால்தான் முடியும். எந்த அறிவிக்கை, எந்த நாளிலிருந்து, எந்த அடிப்படைப் படத்தின்மேல் வரைந்தது. வீட்டு உரிமையாளர் பெயரோ, வரி பாக்கியோ, வாக்காளர் விவரமோ அந்தக் கோப்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து நீக்கிவிட்டுக் கொடுங்கள். அவை எங்களுக்குத் தேவையில்லை, வெளியே போகவும் கூடாது.

கோப்பு நன்றாக இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. எல்லா வார்டுகளின் பரப்பையும் கூட்டினால் நகராட்சியின் மொத்தப் பரப்பு வர வேண்டும். குறைந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது. கூடினால் எங்கோ ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறது. பெரும்பாலும் நடப்பது இடைவெளிதான். ஒரு வார்டை வரைந்தவர் எல்லைத் தெருவின் மேற்கு ஓரத்தில் நிறுத்துகிறார். அடுத்ததை வரைந்தவர் கிழக்கு ஓரத்திலிருந்து தொடங்குகிறார். தெரு நடுவில் அநாதையாக நிற்கிறது. ஆறு மீட்டர் அகலமும் நானூறு மீட்டர் நீளமும் உள்ள தெருவென்றால் 2,400 சதுர மீட்டர் எந்த வார்டிலும் இல்லை. படத்தில் அது மயிரிழைக் கீற்றாகத்தான் தெரியும். ஆனால் அந்தத் தெருவில் நிற்கும் மின்விளக்குக் கம்பங்களை வார்டு வாரியாகக் கணினியில் எண்ணும்போது அத்தனை கம்பங்களும் பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடும். விளக்கு எரியாவிட்டால் புகார் எந்த வார்டின் கணக்கிலும் ஏறாது. QGIS என்ற இலவச மென்பொருளில் இந்த இடைவெளிகளையும் ஏற்றங்களையும் தேடித் தரும் வசதி இருக்கிறது. எல்லைத் தெருவின் நடுக்கோட்டை ஒருமுறை வரைந்து, இரு பக்க வார்டுகளும் அதே கோட்டைப் பங்கிட்டுக்கொண்டால் சிக்கல் தீரும்.

துல்லியத்துக்கும் ஓர் அளவு உண்டு. பாகையில் எழுதும்போது ஐந்து தசம இடம் போதும். அது ஏறத்தாழ ஒரு மீட்டர். அறிவிக்கை "தெரு" என்று மட்டும் சொல்லும்போது, பத்துத் தசம இடம் எழுதினாலும் எல்லை கூர்மையாகிவிடாது. அதனால்தான் இந்தக் கோப்பை வைத்து யாரும் நில வழக்கு நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. இந்த வரம்பை உரிமக் குறிப்பிலேயே சொல்லிவிடலாம்.

அந்த உரிமக் குறிப்புக்கு வருகிறேன். முன்பு சொன்ன ஊரில், தவறுகளையெல்லாம் திருத்தியபின், ஒரு பள்ளி எங்கள் வார்டு படத்தைப் பெரிதாக அச்சிட்டு வகுப்பறையில் மாட்ட விரும்பியது. தலைமை ஆசிரியர் கேட்ட ஒரே கேள்வி: "அனுமதி யாரிடம் வாங்கினீர்கள்?" மூலப் படத்தில் அனுமதியும் இல்லை, தடையும் இல்லை. வெறும் மௌனம். அவர் அச்சிடவில்லை. அவர் செய்தது சரி.

மௌனத்தைச் சட்டம் அனுமதியாக எடுத்துக்கொள்வதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் வரைபடம் கலைப்படைப்பு என்ற வகையில் அடங்குகிறது. வரைந்த கணத்திலேயே, யாரும் பதிவு செய்யாமலேயே, அதற்குப் பதிப்புரிமை வந்துவிடும். அரசிதழில் வந்த அறிவிக்கையின் வாசகத்தை மறுபதிப்புச் செய்ய அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆக, வார்டு எல்லை எழுத்தாக இருக்கும்போது யாரும் எடுக்கலாம். அதையே கோடாக வரைந்ததும் பூட்டு விழுந்துவிடுகிறது. அந்தப் பூட்டை நீங்கள் வேண்டுமென்று போடவில்லை, தானாக விழுந்தது. ஆனால் திறக்க உங்களால்தான் முடியும். அதற்கு வேண்டியது ஒரு பக்கம் எழுத்து.

திறப்பதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். படத்தை வரைந்தது யார்? ஒப்பந்த நிறுவனம் வரைந்திருந்தால், பணி ஆணையில் உரிமை நகராட்சிக்கு என்று எழுதியிருக்கிறதா? எந்தச் செயற்கைக்கோள் படத்தின்மேல் இழுத்தார்கள்? தனியார் நிறுவனத்தின் இணையப் படத்தின்மேல் இழுத்திருந்தால், அந்த நிறுவனத்தின் நிபந்தனைகள் கோட்டையும் தொடர்ந்து வரலாம். அதற்காகத்தான் மேலே `base_map` என்று ஓர் இடம் வைத்தேன். சிக்கல் இருப்பதாகத் தெரிந்தால், எங்கள் குழு தெருத் தெருவாக நடந்து ஜிபிஎஸ்ஸில் எடுத்த நடுக்கோடுகளைத் தருகிறோம். அதன்மேல் புதிதாக வரைந்துகொள்ளலாம்.

எந்த உரிமம்? ஒன்றிய அரசு 2012இல் தரவுப் பகிர்வுக் கொள்கையைக் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து 2017 பிப்ரவரியில் இந்திய அரசின் திறந்த தரவு உரிமத்தை அறிவித்தது. எடுக்கலாம், மாற்றலாம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், மூலத்தைச் சொல்ல வேண்டும், அரசு தனக்கு ஆதரவளிப்பதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, தவறு இருந்தால் தந்தவர் பொறுப்பல்ல என்பவை அதன் சாரம். இது ஒன்றிய அரசின் தரவுக்காக எழுதப்பட்டது. நகராட்சியின் கோப்பு தானாக இதற்குள் வராது. ஆனால் இதே உரிமத்தில் தருகிறோம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் போதும். புதிதாக ஒரு சட்டமொழி தேட வேண்டியதில்லை.

நல்லெண்ணத்தோடு எழுதப்படும் மூன்று நிபந்தனைகள் உரிமத்தையே வீணாக்கிவிடும் என்பதால் அவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன். முதலாவது, வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது. நாளிதழ் வணிகம்தான். வார்டு நாட்காட்டி அச்சிடும் அச்சகமும் வணிகம்தான். இவர்கள் வழியாகத்தான் படம் மக்களிடம் போகும். இரண்டாவது, மாற்றக் கூடாது என்பது. கோப்பை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதே மாற்றம். பெரிய எழுத்தில் அச்சிடுவதும் மாற்றம். மூன்றாவது, ஒவ்வொரு முறையும் முன் அனுமதி பெற வேண்டும் என்பது. அது எங்களைவிட உங்களுக்குத்தான் சுமை. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு கோப்பு, ஒரு குறிப்பு, ஒரு கையொப்பம்.

யாராவது கோட்டை நகர்த்தி வைத்து, நகராட்சியே கொடுத்தது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற உங்கள் கவலை நியாயமானது. தடை போட்டு அதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் அப்படிச் செய்கிறவர் தடையைப் படிப்பதில்லை. மூலக் கோப்பு எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருந்தால், நகர்த்திய கோடு ஒரு நிமிடத்தில் அகப்பட்டுவிடும். கூடவே இப்படி ஒரு குறிப்பு இருந்தால் போதும்:

"இந்த வார்டு எல்லைக் கோப்பு நகராட்சிக்கு உரியது. இந்திய அரசின் திறந்த தரவு உரிமத்தின் நிபந்தனைகளில் எவரும் இதைப் பயன்படுத்தலாம், மாற்றலாம், வெளியிடலாம். மூலத்தையும் பதிப்பு நாளையும் குறிப்பிட வேண்டும். மாற்றியிருந்தால் மாற்றியதைச் சொல்ல வேண்டும். அரசிதழ் அறிவிக்கைக்கும் இக்கோப்புக்கும் வேறுபாடு இருந்தால் அறிவிக்கையே இறுதியானது. நில உரிமைக்கு இக்கோப்பு சான்றாகாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அதன் உரிமத்தின் கீழ்ச் சேர்க்கவும், மூலத்தை அதன் வழக்கப்படி குறிப்பிடவும் நகராட்சி இசைகிறது."

கடைசி வரி எதற்கு என்று கேட்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு 2012 முதல் ஒரு தரவுத்தள உரிமத்தின் கீழ் இருக்கிறது. வேறு உரிமத்தில் உள்ள தரவை அதில் ஏற்ற வேண்டுமென்றால், தந்தவர் தனியாக இசைவு தெரிவித்திருப்பது பாதுகாப்பு. அந்த ஒரு வரி இல்லாமல் போனால், கோப்பு கையில் இருந்தும் நாங்கள் ஏற்ற மாட்டோம். ஏற்றியபின் யாராவது கேள்வி எழுப்பினால் நாங்கள் போட்ட எல்லா வார்டுகளையும் நீக்க நேரும்.

இதை மனுவாக அனுப்பாமல் மடலாக எழுதுகிறேன். ஆனாலும் சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்வது நேர்மை. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், மின்னணு வடிவில் உள்ள தகவலை அதே வடிவில் பெறுவதையும் உரிமையாகச் சொல்கிறது. கேட்ட வடிவிலேயே தருவதுதான் இயல்பு என்கிறது 7ஆம் பிரிவின் 9ஆம் உட்பிரிவு. அலுவலக வளத்தை அளவுக்கு மீறி இழுத்தாலோ, ஆவணத்துக்குக் கேடு வந்தாலோ மட்டும் அதற்கு விலக்கு. ஏற்கெனவே இருக்கும் கோப்பைப் படியெடுப்பது அந்த விலக்கில் வராது. பதிப்புரிமையைக் காரணம் காட்டி மறுக்க 9ஆம் பிரிவு இடம் தருவது, அந்த உரிமை அரசு அல்லாத வேறொருவருக்கு இருக்கும்போது மட்டுமே. 2021 பிப்ரவரியில் வந்த புவியிடத் தரவு வழிகாட்டுதல்களும், மக்கள் பணத்தில் உருவான வரைபடத் தரவு, பாதுகாப்புக் காரணத்தால் ஒதுக்கப்பட்டவை நீங்கலாக, இந்தியர்க்குத் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்கின்றன. ஆனால் தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற கோப்பு என் கைக்கு வந்து சேரும், அவ்வளவுதான். அதை அச்சிடவும் பிறருக்குக் கொடுக்கவும் அந்தச் சட்டம் உரிமம் தருவதில்லை. மனுவோடு முடித்துக்கொள்ளாமல் உரிமக் குறிப்பையும் கேட்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான்.

1. இப்போது நடைமுறையில் உள்ள மன்ற வார்டுகளின் எல்லைக் கோப்பு, உங்களிடம் இருக்கிற வடிவில். கோப்பாக இல்லையென்றால், இல்லை என்ற ஒரு வரிப் பதிலும் அறிவிக்கையின் தெளிவான படியும்.

2. அது எந்த அறிவிக்கையை, எந்த நாளை, எந்த அடிப்படைப் படத்தைச் சார்ந்தது என்ற குறிப்பு.

3. முந்தைய வார்டு எல்லைகள் இருந்தால் அவையும், நாளோடு.

4. ஆணையர் கையொப்பத்தோடு உரிமக் குறிப்பு. மேலே எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், உங்கள் சட்ட ஆலோசகர் சொல்வதுபோல் திருத்தியும் கொள்ளலாம்.

எங்கள் பக்கத்திலிருந்து ஓர் உறுதி. கோப்பு கிடைத்ததும் அதை அப்படியே வெளியே விடமாட்டோம். இடைவெளியும் ஏற்றமும் இருக்கிறதா என்று முதலில் கணினியில் பார்ப்போம். பிறகு இரண்டு வார்டுகள் சந்திக்கும் ஒவ்வொரு எல்லைத் தெருவிலும் நடப்போம். இடப்பக்க வீட்டில் ஒரு கதவு, வலப்பக்க வீட்டில் ஒரு கதவு தட்டி, எந்த வாக்குச்சாவடியில், எந்த உறுப்பினருக்கு வாக்களித்தீர்கள் என்று அல்ல, எந்த எண் வார்டில் வாக்களித்தீர்கள் என்று மட்டும் கேட்போம். கோடும் மக்கள் சொல்வதும் ஒத்துவராத இடங்களைப் பட்டியலிட்டு முதலில் உங்களிடம் கொடுப்போம். நீங்கள் பார்த்துச் சொன்னபிறகுதான் வரைபடத்தில் ஏற்றுவோம். யானை நடந்து சுற்றி வந்த எல்லையை ஊரார் உடன் நடந்து பார்த்தார்கள். கல் நடாத இந்த எல்லையையும் யாராவது ஒருமுறை நடந்து பார்க்கத்தான் வேண்டும். நடக்க நாங்கள் தயார். எந்தக் கோட்டின்மேல் நடப்பது என்பதை நீங்கள் சொல்ல வேண்டும்.

மணவூர் வரைவாளன்